குழிக்கு முன்னால் பிரேக்கை விடுவதா, கடைசிவரை மிதிப்பதா?

நெடுவழி நாகராஜன்:
குழியைப் பார்த்தால் பிரேக்கைக் கடைசிவரை அழுத்திப் பிடியுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் வேகம் குறையாமல் தாண்டிவிடுங்கள். வேகமாகப் போகும் சக்கரம் குழிக்குள் இறங்குவதற்குள் மறுகரைக்குப் போய்விடும். உருட்டி உருட்டிப் போகிறவர்களின் வண்டிதான் கெடுகிறது.

சக்கரத்தான்:
படித்ததிலிருந்து கோபம் ஆறவில்லை. 19 வருடமாக வீல் அலைன்மென்ட் பார்க்கிறவன் நான். இரண்டு யோசனையும் தவறு. அதிலும் முதலாவது வண்டிக்கு எமன்.

சென்ற வாரம் ஒருவர் வந்தார். மழைநீர் நிறைந்த குழி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகம். பார்த்த நொடியில் பிரேக்கை ஊன்றி மிதித்தவர், குழியைத் தாண்டும்வரை காலை எடுக்கவில்லை. இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன். டயரின் பக்கச்சுவரில் நெல்லிக்காய் அளவு கொப்பளம். ரிம்மின் வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது. உள்பக்க விளிம்பு கட்டைவிரல் நீளத்துக்கு மடங்கிக் கிடந்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது என்று அவர் சொன்னதற்குக் காரணம் அந்த மடிப்புதான்.

அந்தக் கொப்பளம் ஏன் வந்தது? குழியின் மறுகரை ஒரு பக்கம், ரிம்மின் விளிம்பு மறுபக்கம், நடுவில் டயர் பாக்குவெட்டியில் சிக்கிய பாக்குபோல நசுங்குகிறது. ரப்பர் தப்பிவிடும், உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்துவிடும். அறுந்த இடத்தைக் காற்று வெளியே தள்ளுகிறது. இதற்கு ஒட்டும் கிடையாது, தையலும் கிடையாது. அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பிரேக் மிதித்தால் வண்டியின் முன்பக்கம் குனிகிறது. குனியும்போதே முன் ஸ்பிரிங் பாதி சுருங்கிவிடுகிறது. அப்படிச் சுருங்கியபடியே குழியின் கரையில் இடித்தால், அடியை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங்குக்கு அதிக இடம் மிச்சமில்லை. அடி நேராக டயருக்கும் ரிம்முக்கும், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷுக்கும் போகிறது. எனவே குழிக்கு முன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகத்தைக் குறையுங்கள். சக்கரம் விளிம்பைத் தொடுவதற்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது பிரேக்கை முழுவதும் விடுங்கள்.

நெடுவழி நாகராஜன்:
3 லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவனுக்குக் கடையில் உட்கார்ந்திருப்பவர் பாடம் நடத்துகிறார். இப்போது வரும் வண்டிகளில் ஏ.பி.எஸ். இருக்கிறது ஐயா. சக்கரம் பூட்டிக்கொள்ளாது. கடைசிவரை மிதித்தால் கடைசி அடி வரை வேகம் குறையும். குறைந்த வேகம் நல்லது என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு ஏன் விட வேண்டும்?

தென்னவன்:
அண்ணா இருவருக்கும் வணக்கம். நான் வேகத்தடையைக் கோணலாகத்தான் ஏறுவேன். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் ஏறுவதால் சஸ்பென்ஷனுக்குப் பாதிச் சுமைதான். குழிக்கும் இதையே செய்யலாம். டயரில் 33 இருக்க வேண்டிய இடத்தில் 26 காற்று வைத்தால் மெத்தைபோல இருக்கும். என் வண்டியில் இரண்டு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சக்கரத்தான்:
நாகராஜன் ஐயா, சக்கரம் பூட்டுவதைப் பற்றி நான் பேசவே இல்லை. ஏ.பி.எஸ். சக்கரத்தைச் சுழல விடும். வண்டி குனிவதைத் தடுக்காது. குனிந்த வண்டி குனிந்தபடியேதான் இடிக்கும். கடைசி நான்கு மீட்டரில் நீங்கள் குறைக்கும் வேகம் கொஞ்சம், இழக்கும் ஸ்பிரிங் இடம் அதிகம். பிரேக்கை விட்டவுடன் முன்பக்கம் மேலே எழும், அதற்கு அரை நொடி போதும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடிக்கு வண்டி நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். ஒரு வண்டி நீளம் என்று நான் சொன்னது அதனால்தான். எதிரே ஆளோ மாடோ வந்தால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, கடைசிவரை மிதியுங்கள். டயரை வாங்கிக்கொள்ளலாம்.

தம்பி தென்னவன், கோணலாக ஏறினால் நீளமான வண்டியின் வயிறு தடையில் உரசாது. அவ்வளவு சரி. பாதிச் சுமை என்பது சரியில்லை. ஒவ்வொரு சக்கரமும் அதே உயரத்தைத்தான் ஏறுகிறது. இடது சக்கரம் மேலே, வலது கீழே என்று முறுக்கும்போது இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பியின் முனையில் உள்ள லிங்க் ராடுதான் பாடுபடுகிறது. மெதுவான வேகத்தில் சின்னக் கல்லில் ஏறினாலும் முன்பக்கம் "டொக் டொக்" என்று கேட்டால் முதலில் அதைப் பாருங்கள். காற்று விஷயத்தில் நீங்கள் செய்வது ஆபத்து. பாக்குவெட்டியில் டயரைத் தள்ளிவிடுவதே குறைந்த காற்றுதான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உங்கள் வண்டிக்கான அளவு ஒட்டியிருக்கும். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்குப் பிடியுங்கள்.

தென்னவன்:
போன வருடம் டயர் வாங்கும்போது நீங்கள் சொன்னதைக் கேட்டு 16 அங்குல அலாய்க்கு மாறியவன் நான். அதிலிருந்துதான் வண்டி கல்லாகிவிட்டது. காற்றைக் குறைத்ததே அதற்காகத்தான்.

சக்கரத்தான்:
நான் சொன்னது "மாறினால் பார்க்க நன்றாக இருக்கும்" என்று. குழிக்கு நல்லது என்று சொல்லவில்லை. உங்களுடையது 185/65 R15, அதில் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர். இப்போது போட்டிருக்கும் 195/55 R16 டயரில் 107. அடியைத் தாங்கும் ரப்பரில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது. மறுபடி 15-க்கு வாருங்கள். காற்றைக் குறைத்து அதை ஈடுகட்ட முடியாது.

கணேசமூர்த்தி:
எல்லாரும் ஓட்டுநரைத் திட்டுகிறீர்கள். வேகத்தடை போட்டவனை யார் கேட்பது? இந்திய சாலைக் காங்கிரசின் 1988-ஆம் ஆண்டு ஐ.ஆர்.சி. 99 விதியில் வட்ட வடிவத் தடைக்கு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று இருந்தது. அப்படிப் போட்டால் 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் போகலாம். எங்கள் தெருவில் இருப்பது ஒரு முழ அகலத்தில் சுவர்போல நிற்கிறது. வெள்ளைக் கோடும் இல்லை.

நெடுவழி நாகராஜன்:
கணேசமூர்த்தி சொல்வதுதான் சரி. கோளாறு சாலையில். அதை விட்டுவிட்டு என் பிரேக்கைப் பிடித்துத் தொங்குகிறார் ஒருவர். சக்கரம் குழிக்குள் விழுவதற்கு நேரம் வேண்டாமா? 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டடிக் குழியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள், பிறகு பேசலாம்.

சக்கரத்தான்:
போட்டேன். ஒரு நொடியில் ஏறத்தாழ 28-ல் ஒரு பங்கு. அந்த நேரத்தில் கையிலிருந்து விட்ட கல் முக்கால் சென்டிமீட்டர்கூட விழாது. உங்கள் நம்பிக்கைக்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் சக்கரம் கல் இல்லை. அதன் தலைமேல் 250 கிலோ எடையைத் தாங்கிச் சுருங்கிய ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. சக்கரமும் அதோடு சேர்ந்தவையும் 35 கிலோ இருக்கும். கீழே தரை இல்லாமல் போன நொடியே ஸ்பிரிங் சக்கரத்தைக் குழிக்குள் அறைந்து தள்ளுகிறது. ஷாக் அப்சார்பர் இழுத்துப் பிடித்தாலும் அதே நேரத்தில் சில சென்டிமீட்டர் இறங்கிவிடும். மறுகரை விளிம்பு டயரைச் சந்திக்க அது போதும். அப்போது வேகம் 60. வேகம் இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றல் நான்கு மடங்கு. வரிவரியாக அலைபாயும் மண் சாலையில் உங்கள் முறை ஓரளவு பலிக்கும், கூர்மையான கரை உள்ள தார்ச்சாலைக் குழியில் பலிக்காது.

கணேசமூர்த்தி ஐயா, நீங்கள் சொல்லும் அந்தத் தடை அங்கே இருக்கக் கூடாது. நாளைக் காலையும் அது அங்கேதான் இருக்கும், அதன்மேல் வண்டி ஏற வேண்டும். தடைக்கு முன்பே 10 கிலோமீட்டருக்குக் குறைத்து, முதல் கியருக்கு வந்து, முன்சக்கரம் தொடும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். முன்சக்கரம் இறங்கியதும் ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள்தான் அதிகம். பின்சக்கரம் அப்போதுதான் ஏறப்போகிறது. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருந்தால் பின் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அதன் அடி நேராக உடம்புக்கு வரும். நான்கு சக்கரமும் இறங்கிய பிறகு மிதியுங்கள்.

வளர்மதி:
நான் கார் ஓட்டுவதில்லை. ஸ்கூட்டரில் அம்மாவைப் பின்னால் வைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு குழியிலும் "அம்மாடி" என்கிறார்கள், எனக்கு உயிர் போகிறது. பிரேக்கை விடச் சொல்வது இதற்கும் பொருந்துமா? விட்டால் விழுந்துவிட மாட்டேனா?

நெடுவழி நாகராஜன்:
விடாதீர்கள் அம்மா. இரு சக்கர வண்டியில் பிரேக்கை விட்டால் கட்டுப்பாடு போய்விடும்.

சக்கரத்தான்:
தவறாகச் சொல்லாதீர்கள், பின்னால் வயதானவர் இருக்கிறார். சகோதரி, ஸ்கூட்டருக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். பிரேக்கைப் பிடித்தால் முன்பக்கம் அமுங்குகிறது, சக்கரமும் சின்னது, குழிக்குள் ஆழமாக இறங்குகிறது. 2019 முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இடது பிரேக்கைப் பிடித்தாலே பெரும்பாலும் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும், எனவே இரண்டு கையையும் தளர்த்துங்கள். முன்னாடியே நடக்கும் வேகத்துக்கு வந்துவிட்டால் விட்டாலும் விழ மாட்டீர்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும். தென்னவன் சொன்ன கோணல் வேலை இரு சக்கரத்தில் வேண்டவே வேண்டாம். ஏறுவதற்கு முன்னால் "குழி வருகிறது" என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எதிர்பாராமல் வரும் அடிதான் அவர்கள் இடுப்பில் இறங்குகிறது.

தென்னவன்:
கோணலில் ஏறியவன் எவனும் வண்டியை உடைத்ததில்லை. நான் காற்றை 28 ஆக்கிக்கொள்கிறேன், அதற்குமேல் ஏற்ற மாட்டேன்.

நெடுவழி நாகராஜன்:
கொப்பளம் வந்த ஒரு டயரை வைத்து ஊரையே பயமுறுத்துகிறார். கடைக்கு ஆள் சேர்க்கத்தானே இத்தனை எழுத்து? என் வண்டி நேர்கோட்டில் ஓடுகிறது. நான் கடைசிவரைதான் மிதிப்பேன்.

சக்கரத்தான்:
ஆள் சேர்க்க வேண்டுமென்றால் உங்கள் யோசனையை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்திருப்பேன். 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை என்னிடம் கொண்டுவர வேண்டாம், உங்கள் வீட்டு வாசலிலேயே பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கம் திருப்பி, முன்சக்கரத்துக்குப் பின்னால் ஷாக் அப்சார்பரை டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் ஈரத்தில் புழுதி அப்பியிருக்கிறதா? பிறகு பக்கச்சுவரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், கொப்பளம் வெளிப்பக்கம் மட்டும் வருவதில்லை. 80 கிலோமீட்டரில் ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்றும் எழுதுங்கள்.

நெடுவழி நாகராஜன்:
80-க்கு மேல் லேசாக நடுங்கும். அது பேலன்சிங். குழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சக்கரத்தான்:
ரிம் நெளிந்தாலும் அப்படித்தான் நடுங்கும். சக்கரத்தைச் சுழற்றி உள்விளிம்பைப் பாருங்கள்.

கணேசமூர்த்தி:
எங்கள் தெருத் தடையின் அகலத்தை அளந்துவிட்டேன், 45 சென்டிமீட்டர். யாருக்கு மனு எழுதுவது?