பிட்ச் ரேட் ஃபீட்பேக்: 'நிலைப்பூட்டம்' சரியா?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

வணக்கம். விமானக் கட்டுப்பாடு பற்றி மாணவர்களுக்குத் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் நிற்கிறேன்.

ஒன்று, ஷார்ட் பீரியட். காற்று திடீரென்று மேலே தள்ளினால் விமானம் மூக்கை மேலும் கீழும் ஆட்டி, சில விநாடிகளில் அடங்குகிறதே, அந்த ஆட்டம். பறக்கும் வேகம் அதற்குள் மாற நேரமில்லை. இறக்கை காற்றைச் சந்திக்கிற தாக்குகோணமும் மூக்கு சுழலும் வீதமும்தான் மாறுகின்றன. இதற்குக் 'குற்றலைவு' என்றும், வேகமும் உயரமும் மெதுவாக ஏறி இறங்கும் ஃபியூகாய்டுக்கு 'நெட்டலைவு' என்றும் வைத்திருக்கிறேன். குற்றெழுத்து, நெட்டெழுத்து மாதிரி.

இன்னொன்று, கைரோ அளக்கிற சுழல்வீதத்தை, வாலில் மேலும் கீழும் அசைகிற எலிவேட்டருக்குத் திருப்பிக் கொடுத்து அந்த ஆட்டத்தை அடக்குவது. விமானத்தை நிலைப்படுத்துகிறது என்பதால் 'நிலைப்பூட்டம்' என்று எழுதிவிட்டேன். சரிதானே?

தர்மபுரியிலிருந்து:

சார், 'குற்றலைவு' என்றதும் எனக்கு போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வருகிறது. வேறு ஏதாவது பாருங்கள்.

'நிலைப்பூட்டம்' நல்லா இருக்கு. நான் தெர்மோகோலில் ரிமோட் விமானம் செய்து பறக்க விடுகிறவன். போன மாடல் மூக்கை ஆட்டிக்கொண்டே போனது. மூக்கில் ஈயத்துண்டு ஒட்டினேன், கெட்டியாகிவிட்டது. கைரோவே தேவைப்படவில்லை. அப்படியென்றால் ஈயம் ஒட்டுவதும் நிலைப்பூட்டம்தானா?

ஓசூரிலிருந்து:

தம்பி ஒட்டிய ஈயத்தை வைத்தே 'நிலைப்பூட்டம்' ஏன் ஆகாது என்று சொல்லிவிடலாம். பெங்களூரில் விமானக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிலைப்பையும் தணிப்பையும் போட்டுக் குழப்பாத புதுப் பொறியாளரை அங்கே பார்த்ததே இல்லை.

மாதிரியை இரண்டு வரியில் எழுதலாம். α தாக்குகோணம், q சுழல்வீதம், δ எலிவேட்டர் கோணம். எலிவேட்டரால் வரும் சிறு தூக்குவிசையை விட்டுவிடுகிறேன்.

```
α' = Zα·α + q
q' = Mα·α + Mq·q + Mδ·δ
```

Mα என்பது காற்றிலேயே இருக்கிற வில். தாக்குகோணம் விலகினால் மூக்கைப் பழைய இடத்துக்கு இழுக்கிறது. Mq சுழற்சியை எதிர்க்கிறது. Zα தாக்குகோணத்தின் விலகலைத் தூக்குவிசையால் குறைக்கிறது. Mδ என்பது எலிவேட்டர் மூக்கைச் சுழற்றும் வலிமை. கணக்குக்காக Zα = −0.6, Mq = −0.5, Mα = −4, Mδ = −6 என்று வைப்போம். அலைவு விநாடிக்கு ஏறக்குறைய 2.07 ரேடியன், அதாவது ஒரு சுற்றுக்கு 3 விநாடி. ஆட்டம் எத்தனை சுற்றில் அடங்கும் என்று சொல்கிற தணிப்பு விகிதம் 0.27. துல்லியமாகக் கையாள வேண்டிய பறப்புக்கு இது 0.35-க்குக் குறையக் கூடாது என்கிறது அமெரிக்க ராணுவத்தின் பழைய தரக்குறிப்பு MIL-F-8785C. ஆக, நம் விமானம் தேறவில்லை.

இப்போது ஈயம். எடை முன்னே போனால் வில் இறுகும். Mα −4 என்பது −8 ஆகிறது என்று வையுங்கள். அலைவு 2.88-க்கு ஏறுகிறது. தணிப்பு விகிதமோ 0.19-க்கு விழுகிறது! விலகல் சின்னதாகத் தெரிவதால் கெட்டியானதாகத் தோன்றும். உண்மையில் ஆட்டம் வேகமாகி, இன்னும் அதிகச் சுற்றுகள் நீடிக்கும். கீழேயிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது பிடிபடாது.

கைரோ வேறு வேலை செய்கிறது. மூக்கு விநாடிக்கு 10 டிகிரி வீதம் எழும்போது எலிவேட்டரை 3 டிகிரி கீழே இறக்கச் சொல்வோம். பெருக்கம் 0.3. அது Mq-வோடு போய்ச் சேருகிறது: −0.5 என்பது −2.3 ஆகும். தணிப்பு விகிதம் 0.63. அலைவு 2.32-க்கு மட்டுமே ஏறுகிறது. வில் அப்படியே இருக்க, தணிப்பு மட்டும் கூடியிருக்கிறது. பெயர் அதைச் சொல்லட்டும். 'நிலைப்பு' என்றால் மாணவன் வில்லைத்தான் நினைப்பான். தேஜஸ் மாதிரி வில்லே தலைகீழாக இருக்கிற விமானத்துக்கு வீதத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது.

பாலக்கோட்டிலிருந்து:

ஐயா, நான் தமிழாசிரியர், கணக்கில் வாய் திறக்க மாட்டேன். ரேட் என்றால் வேகம்தானே? 'வேகப் பின்னூட்டம்' என்று சொல்லிவிட்டுப் போகலாமே. பின்னூட்டம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'தணிப்பு' வேண்டாம். பள்ளிப் பாடநூலில் 'தடையுறு அலைவு' என்றே வருகிறது.

ஓசூரிலிருந்து:

வேகம் ஆபத்து, ஆசிரியரே. விமானத்தில் வேகம் என்றால் பறக்கும் வேகம். அதை அளந்து எலிவேட்டருக்குக் கொடுக்கிற ஏற்பாடும் உண்டு. அது நெட்டலைவை அடக்கும், இந்த ஆட்டத்தை ஒன்றும் செய்யாது. அந்தப் பெயரைப் படித்துவிட்டு ஒருவர் பறக்கும் வேகம் அளக்கிற குழாயிலிருந்து கம்பி இழுத்தால் நாம்தான் பொறுப்பு. 'தடை'யும் எனக்கு ஒட்டவில்லை, காற்றுத்தடையோடு மோதுகிறது.

பெயர் வைப்பதில் ஆங்கிலத்துக்காரரும் சறுக்கியிருக்கிறார்கள். 1908-இல் லாஞ்செஸ்டர் ஃபியூகாய்டுக்குக் கிரேக்கத்தில் 'பறத்தல்' தேடினார். கிடைத்ததோ 'தப்பி ஓடுதல்'. அதுவே நிலைத்துவிட்டது.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

அப்படியானால் 'நிலைப்பூட்டம்' எடுத்துவிடுகிறேன். 'சுழல்வீதத் தணிப்பு' என்று வைத்தால் எதை அளக்கிறோம், என்ன கூடுகிறது, இரண்டும் வந்துவிடும். ஒரு சந்தேகம். 0.3 இவ்வளவு நல்லது என்றால் 3 வைத்தால் இன்னும் நல்லதுதானே? கணக்கில் தணிப்பு ஏறிக்கொண்டே போகிறது.

தர்மபுரியிலிருந்து:

அதற்கு நான் சாட்சி சொல்கிறேன். புது மாடலில் கைரோ போட்டு, மெதுவாகப் பறக்கும்போது திருகைக் கூட்டி வைத்தேன், அசையாமல் போனது. முழு த்ராட்டில் கொடுத்ததும் வால் 'டர்ர்'ரென்று அதிர ஆரம்பித்துவிட்டது. சர்வோ பழுதா அண்ணே?

ஓசூரிலிருந்து:

சர்வோ பழுதில்லை தம்பி. வேகம் இரண்டு மடங்கானால் Mδ நான்கு மடங்கு. நீங்கள் திருகைத் தொடாமலே பெருக்கம் ஏறிவிட்டது. மேலே எழுதிய இரண்டு வரியில் சர்வோ இல்லை. அதனால்தான் சாருக்குத் தணிப்பு முடிவில்லாமல் கூடுவதாகத் தெரிகிறது. நிஜத்தில் சர்வோ தாமதமாகத்தான் அசையும். பெருக்கம் அதிகமானால் அந்தத் தாமதமே புதிய அதிர்வைக் கிளப்பும். மூக்கு நிதானமாக ஏறி இறங்கினால் தணிப்பு போதவில்லை. வால் படபடவென்று அதிர்ந்து, த்ராட்டிலைக் குறைத்ததும் நின்றால் பெருக்கம் அதிகம். முழு வேகத்தில் அதிராத அளவுக்குத் திருகைக் குறையுங்கள். பெரிய விமானங்களில் வேகம் ஏற ஏறப் பெருக்கம் தானாகக் குறையும்படி வைப்பார்கள்.

உயரமும் சேரும். 12 கிலோமீட்டரில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் கால் பங்குதான், இயற்கைத் தணிப்பு விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஜெட்டுகளுக்குக் கைரோவின் தணிப்பு தேவைப்பட்டதற்கு அதுவே பெரிய காரணம்.

சார் குறிப்பில் இதையும் சேர்க்க வேண்டும். விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால், உயரம் மாறாமலே மூக்கு விநாடிக்கு 8.4 டிகிரி சுழன்றுகொண்டிருக்கும். கைரோவுக்கு அது விமானி வேண்டிச் செய்த திருப்பம் என்று தெரியாது. 2.5 டிகிரி எலிவேட்டரைக் கீழே இறக்கி மூக்கைத் தள்ளும். விமானி திருப்பம் முழுக்கக் குச்சியைக் கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆகவே நிலையான சுழற்சியை விட்டுவிட்டு மாறுவதை மட்டும் கடத்துகிற வாஷ்அவுட் வடிப்பான் ஒன்றை இடையில் வைப்பார்கள். அதன் நேர மாறிலியை மிகச் சின்னதாக வைத்தால் மூன்று விநாடி ஆட்டத்தையும் அது விழுங்கிவிடும், தணிப்பு போய்விடும்.

பாலக்கோட்டிலிருந்து:

வேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆனால் 'சுழல்வீதத் தணிப்பு' என்றால் சுழல்வீதத்தையே தணிப்பது என்றுதான் தமிழ் படித்தவன் பிரிப்பான். வீதத்தால் தணிப்பது என்ற பொருள் வர 'வீதவழித் தணிப்பு' என்று வையுங்கள்.

தர்மபுரியிலிருந்து:

சுழல்வீதத்தையே தணிப்பது என்பதும் சரிதானே ஐயா? திருப்பத்தில் அதைத்தானே செய்கிறதாம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

இப்போதைக்கு இரண்டையும் எழுதி வைக்கிறேன். குற்றலைவை மாற்றப் போவதில்லை. வாஷ்அவுட்டுக்கு 'மாறல் வடிப்பான்' போதுமா, ஓசூர் ஐயா?