சினாப்சிஸ் திரும்பி வந்துவிட்டது: "பிரச்சினை எங்கே?" என்று கேட்கிறார்கள் (ஃபுளோரைடு, பென்னாகரம்)

பென்னாகரத்துப் பொண்ணு:

வணக்கம். முதுநிலை பொதுச் சுகாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். டிசர்டேஷனுக்கு நான் கொடுத்த சினாப்சிஸைக் கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. தலைப்பு: "தருமபுரி மாவட்டத்தில் ஃபுளோரைடு பாதிப்பும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் விளைவும்: ஓர் ஆய்வு."

ஓரத்தில் பென்சிலால் நான்கே வரி எழுதியிருந்தார்கள். "பிரச்சினை சொல்லப்படவில்லை. நோக்கங்கள் அதிகம். எல்லை தெளிவில்லை. வேலைத்திட்டம் நடக்காது." முதல் வரிதான் புரியவே இல்லை. இரண்டு பக்கம் பிரச்சினையைத்தானே எழுதியிருக்கிறேன்? உலக அளவில் ஃபுளோரைடு, இந்தியாவில் ஃபுளோரைடு, தமிழ்நாட்டில், தருமபுரியில் என்று வரிசையாக வருகிறது. நோக்கங்கள் ஏழு: தண்ணீரில் அளவு பார்ப்பது, பிள்ளைகளின் பல் கறை, பெரியவர்களின் மூட்டுவலி, மக்களின் விழிப்புணர்வு, திட்டத்தின் விளைவு, நிலத்தடி நீரின் தரம், பரிந்துரைகள்.

வேலைத்திட்டம் இப்படி: முதல் மாதம் நூல் மதிப்பாய்வு, இரண்டாம் மாதம் தகவல் சேகரிப்பு, மூன்றாம் மாதம் பகுப்பாய்வு, நான்காம் மாதம் எழுதுவது. ஜூன் கடைசியில் ஒப்படைக்க வேண்டும். இப்போது செப்டம்பர். அடுத்த கமிட்டி மூன்று வாரத்தில் கூடுகிறது. எங்கே பிடித்துத் திருத்துவது?

ஸ்காலர் அண்ணன்:

தங்கச்சி, சினாப்சிஸ் என்றால் முதலில் கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு கட்டுரையாவது இணைத்தால்தான் டாக்டரல் கமிட்டி கையெழுத்துப் போடும். அத்தியாய வாரியாக முடிவுகளைச் சுருக்கி எழுதி, திருட்டுச் சோதனை அறிக்கையையும் வைத்துவிடு. நான் அப்படித்தான் போன வருடம் கொடுத்தேன்.

அரூர் அக்கா:

ஸ்காலர் தம்பி, நீங்கள் சொல்வது பிஎச்.டி. முடிக்கும்போது கொடுக்கும் சினாப்சிஸ். இந்தப் பெண் கேட்பது ஆரம்பிக்கும் முன் கொடுக்கும் முன்வரைவு. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தது நம் தலையெழுத்து. இவளிடம் இன்னும் ஒரு முடிவும் கிடையாது, எதைச் சுருக்குவாள்?

நான் சில வருடம் இப்படிப்பட்ட கமிட்டியில் உட்கார்ந்தவள், அதனால் அந்தப் பென்சில் வரி எனக்குப் புரிகிறது. தருமபுரி தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது ஊரறிந்த செய்தி. அதைத் தீர்க்கத்தான் 2013-இல் காவேரித் தண்ணீர் வந்தது. கமிட்டிக்குத் தெரிந்ததையே இரண்டு பக்கம் எழுதினால் அது பின்னணி. தெரியாதது எது என்று சொன்னால்தான் பிரச்சினை. ஒன்று கேட்கிறேன், உங்கள் வீட்டில் குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எந்தத் தண்ணீர்?

பென்னாகரத்துப் பொண்ணு:

குடிக்கக் காவேரித் தண்ணிதான் அக்கா. சமையலுக்குப் பெரும்பாலும் போர் தண்ணி. அடுப்படியில் எவர்சில்வர் குடம் ஒன்று, அது குடிக்க. வாசலில் பிளாஸ்டிக் டிரம், அது மற்ற எல்லாவற்றுக்கும். அம்மா அரிசி, பருப்புக்கு டிரம்மில்தான் மொள்ளுவார். அத்தனை குடம் காவேரித் தண்ணி பிடித்துவைக்க வீட்டில் இடமில்லை. "கொதிக்க வைக்கிறோமே, அப்புறம் என்ன" என்பார்.

அரூர் அக்கா:

இதோ உன் ஆய்வு. இந்த ஐந்து வரியை ஏன் சினாப்சிஸில் எழுதவில்லை?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற மிஞ்சியதில் அடர்த்தி கூடத்தான் செய்யும். சோறும் பருப்பும் அந்தத் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்கின்றன. ஆக, குழாய் வந்துவிட்ட வீட்டிலும் ஃபுளோரைடு சாப்பாட்டு வழியாக உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். எத்தனை வீட்டில் அப்படி, எவ்வளவு, எதனால்? இதுதான் தெரியாதது. பிரச்சினைப் பகுதியை இப்படித் தொடங்கிப் பார்:

"பென்னாகரம் வட்டத்தின் கிராமங்களுக்குக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், சமையலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வழக்கம் வீடுகளில் காணப்படுகிறது. கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்குவதில்லை. எத்தனை வீடுகளில் இந்த வழக்கம் உள்ளது, அந்த வீடுகளின் குடிநீர்ப் பாத்திரத்திலும் சமையல் நீர்ப் பாத்திரத்திலும் ஃபுளோரைடு எவ்வளவு என்பது அறியப்பட வேண்டியுள்ளது."

எழுதுமுன் ஒரு வேலை செய். உள்ளூர் ஆய்வுகளைத் தேடி, இதை ஏற்கெனவே யாராவது பார்த்திருக்கிறார்களா என்று உறுதிசெய். பார்த்திருந்தால் அவர்கள் எதை விட்டார்கள் என்று ஒரு வரி சேர். உலக ஃபுளோரைடு மொத்தமும் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும்.

நோக்கம் மூன்று போதும். குடிப்பதற்கோ சமைப்பதற்கோ திட்ட நீர் அல்லாததைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தைக் கணக்கிடுவது. இரண்டு பாத்திரங்களிலும் ஃபுளோரைடை அளந்து, இந்தியத் தர நிர்ணயத்தின் லிட்டருக்கு 1.0, 1.5 மில்லிகிராம் அளவுகளோடு ஒப்பிடுவது. காரணங்களைப் பதிவு செய்வது. பரிந்துரை நோக்கம் ஆகாது, அது முடிவிலிருந்து தானாக வரும்.

புள்ளிவிவரப் புலி:

அக்கா சொன்னது சரி, ஆனால் மாதிரி அளவைப் பற்றி யாரும் பேசவில்லையே. கமிட்டி முதலில் தேடுவது அதைத்தான். யமானே சூத்திரம் போடுங்கள். பத்தாயிரம் வீடு என்றால் 385 வரும். அதை எழுதிவிட்டால் கேள்வியே வராது.

அரூர் அக்கா:

மாதிரி அளவு வேண்டும் என்பது சரிதான் புலி. ஆனால் 5 சதவீதப் பிழைக்கு அந்தச் சூத்திரத்தில் பெரிய எண்ணிக்கை எதைப் போட்டாலும் 400-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். மொத்தப் பட்டியலிலிருந்து வீடுகளைக் குலுக்கி எடுப்பதற்கான கணக்கு அது. இவள் ஊர் ஊராகப் போய் ஊருக்குப் பத்து வீடு எடுக்கப்போகிறாள். ஒரே ஊரில் எல்லோரும் ஒரே போரில் தண்ணீர் எடுப்பார்கள், பத்து வீடும் ஒரே பதிலைச் சொல்லலாம். அதற்கு ஈடுகட்ட வேண்டும்.

விகிதம் p தெரியாததால் 50 சதவீதம் என்று வை, மிச்சம் q-வும் 50 ஆகும், பிழை d 10 என்று வை:

```
n = 4pq/d² = 4 × 50 × 50 / 10² = 100
100 × 2 = 200
200 + 10% = 220
```

இரண்டால் பெருக்கியது ஊர் ஊராக எடுப்பதற்காக. பத்து சதவீதம், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காக. 22 குக்கிராமம், ஊருக்கு 10 வீடு. ஓர் ஆள் ஒரு நாளில் 10 வீடு முடிக்கலாம், ஆக 22 நாள். தண்ணீரை எல்லா வீட்டிலும் எடுக்காதே, செலவு தாங்காது. ஊருக்கு 3 வீடு, வீட்டுக்கு 2 பாத்திரம் என்றால் 132 மாதிரி. பிளாஸ்டிக் பாட்டிலில் எடு, கண்ணாடி வேண்டாம். 28 நாளுக்குள் ஆய்வகம் போய்ச் சேர்ந்தால் போதும். இதெல்லாம் சினாப்சிஸில் இருந்தால் "எல்லை தெளிவில்லை" என்று யாரும் எழுத மாட்டார்கள். மூட்டுவலியைத் தொடவில்லை என்பதையும் எல்லையில் சொல்லிவிடு.

காவேரிப்பட்டணத்தான்:

என் கதையையும் கேளுங்கள். மாங்கூழ் ஆலைக்குக் காய் கொடுக்கும் விவசாயிகளுக்குக் கிடைக்கும் விலை பற்றி நான் முதுநிலையில் செய்தேன். வேலைத்திட்டத்தில் மாதப் பெயரே போடவில்லை, "இரண்டாம் மாதம் களப்பணி" என்று மட்டும் எழுதினேன். அப்ரூவல் தள்ளித் தள்ளி, அந்த இரண்டாம் மாதம் செப்டம்பரில் வந்து நின்றது. கிருஷ்ணகிரியில் செப்டம்பரில் ஏது மாங்காய்? மண்டி காலி, ஆலை வாசலில் வாட்ச்மேனும் ஒரு நாயும். விவசாயிகள் "போன சீசனில் என்ன விலை என்று ஞாபகமில்லை தம்பி" என்றார்கள். ஒரு வருடம் போச்சு. மாதப் பெயரோடு எழுதுங்கள், கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்.

பென்னாகரத்துப் பொண்ணு:

பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன் அண்ணா. ஜூன் 30 ஒப்படைப்பு. ஜூன் முதல் வாரம் கைடிடம் முழு வரைவு. ஏப்ரல், மே பகுப்பாய்வும் எழுதுவதும். பிப்ரவரி, மார்ச் களப்பணி. ஜனவரியில் பொங்கல் முடிந்து ஒரே ஊரில் முன்னோட்டம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எத்திக்ஸ் கமிட்டி, ஊராட்சி அனுமதி, கேள்வித்தாள். பழைய திட்டத்தில் எத்திக்ஸ் கமிட்டியே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்!

ஒரு சிக்கல். கைடு பல் கறையை விடக்கூடாது என்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, வீட்டுத் தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டால் திட்டத்தின் விளைவு தெரிந்துவிடும் என்கிறார்.

அரூர் அக்கா:

எத்திக்ஸ் அனுமதிக்கு முன் ஒரு வீட்டில்கூடக் கேள்வி கேட்டுவிடாதே. பின்தேதியிட்டு வாங்க முடியாது.

பல் விஷயத்தில் உன் கைடோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்பல்லில் தெரியும் கறை, அது கைக்குழந்தையாக இருந்தது முதல் நான்கைந்து வயது வரை உள்ளே போன ஃபுளோரைடால் வந்தது. எனாமல் அப்போதே உருவாகி முடிந்துவிட்டது. நீ அளக்கப்போவது இன்றைய குடத்துத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே பல வருடம் இருக்கிறது. இன்று சுத்தமான தண்ணீர், பல்லிலோ கறை என்றால் திட்டம் தோற்றுவிட்டது என்று எழுதுவாயா? அது தப்பு.

அதுவும் நம் பக்கத்தில் பிள்ளை பிறந்தது தாய்மாமன் ஊரில், வளர்ந்தது அப்பாவுக்குக் கட்டட வேலை கிடைத்த பெங்களூரில், இப்போது பள்ளிக்கூடம் பாட்டி வீட்டில் என்று இருக்கும். எந்த ஊர்த் தண்ணீரைக் குற்றம் சொல்வாய்?

புள்ளிவிவரப் புலி:

பிள்ளை பிறந்தது முதல் எங்கெங்கே இருந்தது என்று கேட்டு, ஊர் மாறாதவர்களை மட்டும் எடுத்தால் செய்யலாமே? அந்த ஊருக்குக் குழாய் வந்த வருடத்துக்கு முன் பிறந்தவர், பின் பிறந்தவர் என்று பிரித்தும் பார்க்கலாம்.

அரூர் அக்கா:

செய்யலாம், நல்ல யோசனை. ஆனால் அது தனி ஆய்வு. மாதிரி அளவு வேறு, பெற்றோர் சம்மதம், பிள்ளையின் சம்மதம் என்று எத்திக்ஸ் வேலையும் கூடும். டீன் குறியீட்டின்படி கறையைத் தரம் பிரிக்கப் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் வேண்டும். இவள் தானே பார்த்து "லேசான கறை, கடுமையான கறை" என்று எழுதினால் கமிட்டியில் ஒருவர் "நீ பல் டாக்டரா?" என்று கேட்பார். கேட்க வேண்டியதுதான்.

பென்னாகரத்துப் பொண்ணு:

கைடிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. தலைப்பை "பென்னாகரம் வட்டத்தில் வீட்டுச் சமையல் நீர்த் தேர்வும் ஃபுளோரைடு அளவும்" என்று மாற்றி, பல் கறையை எல்லைப் பகுதியில் "இந்த ஆய்வில் இல்லை, காரணம் இது" என்று இரண்டு வரியாக எழுதி நாளை காட்டப்போகிறேன். பல் மருத்துவர் கிடைத்தால் பார்க்கலாம் என்பாரோ, கோபப்படுவாரோ.

இன்னொன்று அக்கா. பிப்ரவரி, மார்ச்சில் எடுத்தால் ஏப்ரல், மே வெயிலில் மக்கள் எந்தத் தண்ணீருக்கு மாறுகிறார்கள் என்பது தெரியாமல் போகுமே?

அரூர் அக்கா:

போகும். "பிப்ரவரி, மார்ச் நிலவரம் மட்டும்" என்று எல்லையில் எழுது. காரணங்கள் கேட்கும் கேள்வியில் "கோடையில் மாற்றுவீர்களா" என்று ஒன்று சேர்த்துக்கொள். அவர்கள் சொல்வதுதான் கிடைக்கும், அளந்தது கிடைக்காது.

காவேரிப்பட்டணத்தான்:

கைடு என்ன சொன்னார் என்று வந்து எழுதுங்கள்.