வெயிட்டட் பைப்லைன் ஃபோர்காஸ்ட்: தமிழில் என்ன போடலாம்?

கோவை, மொழிபெயர்ப்பாளர்

வணக்கம். பம்ப்செட் கம்பெனி ஒன்றின் விற்பனையாளர்களுக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வாடிக்கையாளர், ஆர்டர் விவரங்களை வைத்திருக்கும் சி.ஆர்.எம். மென்பொருளிலிருந்து இறக்கிய எக்செல் தாளை வைத்து, பைப்லைனுக்கு, அதாவது இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கும் ஆர்டர்களுக்கு, கணக்குப் போடும் பகுதியில் சிக்கி நிற்கிறேன். எடுத்துக்காட்டு இதுதான்: பேரம் நடக்கும் 40 லட்ச ரூபாய் ஆர்டர் கிடைக்கும் சாத்தியம் 90 சதவீதம், கொட்டேஷன் கொடுத்த 10 லட்சத்துக்கு 75, தேவையைக் கேட்டறிந்த 20 லட்சத்துக்கு 20, முதல் விசாரிப்பிலேயே இருக்கும் 30 லட்சத்துக்கு 10. பெருக்கிக் கூட்டினால் ஒரு கோடி, 50.5 லட்சமாகச் சுருங்குகிறது. 'நிறையிட்ட விற்பனை முன்கணிப்பு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

'நிறையிட்ட' அருமை. நன்னூல் நல்லாசிரியனுக்கு நிறைகோலை உவமை சொல்கிறது. எடை என்ற பொருளில் 'நிறை' அவ்வளவு பழக்கமான சொல். ஆனால் பைப்லைனை விட்டுவிட்டீர்களே! 'வாய்ப்புநிரல்' என்பது என் பரிந்துரை. வாய்த்தல் என்றால் கைகூடுதல். வாய்மையும் இதே வேர் என்றுதான் நினைக்கிறேன். கைகூடினால்தானே அது மெய்! வாயில், வாய்க்கால் பற்றியும் சொல்ல நிறைய உண்டு, பிறகு எழுதுகிறேன்.

சென்னை, புள்ளியியல் கற்பிப்பவர்

ஐயா, என் வகுப்பில் பாதிப்பேர் நிகழ்தகவையே வாய்ப்பு என்கிறார்கள். 'இந்த வாய்ப்பின் வாய்ப்பு 75 சதவீதம்' என்று அச்சில் வந்தால் படிக்கிறவர் என்ன செய்வார்?

என் சண்டை 'முன்கணிப்பு' மேல். அந்த 40 லட்சம் வந்தால் முழுதாக வரும், வராவிட்டால் ஒரு பைசா வராது. கணக்கில் நிற்கும் 36 லட்சம் எந்நாளும் வராது. அந்த ஆர்டர் கிடைத்தால் மொத்த எதிர்பார்ப்பு 54.5 லட்சம், நழுவினால் வெறும் 14.5. சின்னச் சின்ன ஆர்டர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் கூடுதல் குறைவு ஒன்றையொன்று சரிக்கட்டும்; நான்கில், அதுவும் ஒன்று இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, சரிக்கட்டாது. புள்ளியியலில் இதை 'எதிர்பார்ப்பு மதிப்பு' என்போம். அதையே போடுங்கள்.

ஈரோடு, ஜவுளி மொத்த வியாபாரி

எங்கள் கடையில் இது ரொம்ப நாளாக உண்டு. 90 நாள் தாண்டிய பாக்கியில் பாதிதான் தேறும் என்று எழுதிவைப்போம். 'தேறும் தொகை' என்று போடுங்கள், யாருக்கும் புரியும்.

கோவை

அண்ணா, உங்களுடையது விற்று முடித்த சரக்கின் பாக்கி. இங்கே இன்னும் விற்கவே இல்லை. ஆனாலும் 'தேறும்' மனதில் ஒட்டிக்கொண்டது.

பெங்களூரு, விற்பனை மேலாளர்

சொல்லை விடுங்கள், அந்தச் சதவீதங்கள் யாருடையவை? சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சி.ஆர்.எம்.மில் கொட்டேஷனுக்கு 75, பேரத்துக்கு 90 என்று மென்பொருளோடேயே வருகிறது. பலரும் மாற்றுவதே இல்லை. நாங்கள் போன வருடத்துக்கு அதிலிருந்து இறக்கிய எக்ஸ்போர்ட் தாளை எடுத்து, முடிந்த ஆர்டர்களில் எத்தனை ஜெயித்தது என்று எண்ணி நிலைவாரியாகத் திருத்திக்கொண்டோம். மற்றபடி, பைப்லைன் பைப்லைனாகவே இருக்கட்டும்.

சென்னை

திருத்தியது நல்லது, ஆனால் எண்ணிய இடம் சரியில்லை. சாதாரண எக்ஸ்போர்ட்டில் ஆர்டரின் இன்றைய நிலை மட்டும்தான் இருக்கும். முடிந்தது எல்லாம் 'வெற்றி' அல்லது 'தோல்வி' என்று நிற்கும். எது எந்த நிலைவரை போய்த் தோற்றது என்று அதில் தெரியாது. நிலை மாறிய வரலாற்றைத் தனி அறிக்கையாக எடுக்க வேண்டும். கொட்டேஷன் நிலையை எப்போதாவது தொட்டு, இன்று முடிந்துவிட்ட ஆர்டர்கள் 40, அவற்றில் வென்றவை 12 என்றால் சதவீதம் 30. கையேட்டின் 10 லட்சம் அப்போது 7.5 அல்ல, 3 லட்சம்தான்.

முடியும் தேதி மூன்று மாதம் முன்பே கடந்துபோன ஆர்டரும் அதே 75-ஐச் சுமந்துகொண்டு கூட்டலில் உட்கார்ந்திருக்கும். முதலில் அந்த நெடுவரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோவை

இதைக் கையேட்டில் ஒரு குறிப்பாகச் சேர்க்கிறேன். இன்னொன்று: சூத்திரம் எனக்கு 5050 லட்சம் காட்டியது. எக்ஸ்போர்ட்டில் 0.75 என்று வராமல் 75 என்றே வந்திருக்கிறது. இப்படி மாற்றியதும் சரியானது:

```
=SUMPRODUCT(C2:C5,D2:D5)/100
```

அப்புறம் சொல். 'எதிர்பார்ப்பு மதிப்பு' என்று போட்டால், விற்பனையாளர் அதை டார்கெட் என்று படிப்பார். 'நிறையிட்ட பைப்லைன் மதிப்பு' போடலாமா?

பெங்களூரு

சரி. 'நிறையிட்டப் பைப்லைன் மதிப்பு'க்கு என் ஓட்டு.

சென்னை

'முன்கணிப்பு' போனதே போதும். ஒத்துக்கொள்கிறேன்.

ஈரோடு

தேறும் தொகை.

மதுரை

பெங்களூரு நண்பருக்கு: 'நிறையிட்ட' பெயரெச்சம், அடுத்து ஒற்று மிகாது. பைப்லைனுக்கு நான் இசையவில்லை. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாய்க்கால் பற்றிய மடல் நாளை வரும்.