பாலத்தில் நடந்தவர் பனோரமாவில் இரண்டரை ஆள் ஆன கதை

தூறல்: ஆறு ஃபிரேம், கேமராவைக் கையில் பிடித்து இடமிருந்து வலமாக எடுத்து ஹியூகின் மென்பொருளில் ஒரே பனோரமாவாக ஒட்டினேன். பாலத்தின் மேல் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் நான் திருப்பிய அதே பக்கமாக நடந்துகொண்டிருந்தார். ஒட்டிய படத்தில் ஓரிடத்தில் முழுதாக நிற்கிறார், பத்தடி தள்ளி மறுபடியும் முழுதாக நிற்கிறார், அதற்கும் அப்பால் இடுப்புக்கு மேல் மட்டும் மிதக்கிறார். முதலில் குளோன் டூலால் அழிக்கப் பார்த்தேன். பின்னால் கம்பி வேலி இருந்ததால் கம்பிகளின் இடைவெளி கோணலாகி, ஆள் போனாலும் அழித்த தடம் அப்படியே தெரிந்தது. இதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?

மூன்றுகால்: எனக்கும் இப்படி வந்தது. ஃபிரேம்களைப் பொருத்த ஹியூகின் வைக்கும் கன்ட்ரோல் பாயின்ட் நடக்கிற ஆள் மேல் விழுந்திருக்கும், அவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஆப்டிமைஸ் செய்யுங்கள், சரியாகிவிடும்.

தூறல்: சட்டை மேல் நாலு பாயின்ட் இருந்தது உண்மைதான். நீக்கியதும் இரட்டையாகத் தெரிந்த விளக்குக் கம்பம் ஒன்றானது. ஆள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

பழைய லென்ஸ்: இருப்பார். அந்தப் பாயின்ட்கள் ஃபிரேமையே இழுத்துக் கோணலாக்கும், அவ்வளவுதான். ஆளை எடுக்க மாஸ்க் வேண்டும். ஆனால் மாஸ்க் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கேள்வி: அவர் நிற்கும் இடத்தின் காலித் தரை பக்கத்து ஃபிரேமில் இருக்கிறதா?

உங்கள் படத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்றாவது ஃபிரேமில் அவர் ஓரிடத்தில், நாலாவதில் கொஞ்சம் வலப்புறம். இரண்டு இடமும் ஃபிரேம்கள் மேற்பொருந்தும் பகுதிக்குள் இருந்தால் வேலை சுலபம். Masks பகுதியில் மூன்றாவது படத்தைத் தேர்ந்து அவரைச் சுற்றிக் கோடு இழுத்து Exclude region கொடுங்கள், நாலாவதிலும் அப்படியே. ஒன்றில் இருப்பதை மற்றதன் காலித் தரை மூடும். கோட்டை உடம்போடு ஒட்டி இழுக்காமல் கொஞ்சம் தள்ளி இழுங்கள். நிழலையும் சேர்த்து. நான் ஒருமுறை நிழலை விட்டுவிட்டேன், ஆளில்லாத நிழல் தனியாக நடந்துபோனது!

மிதக்கிற ஆள் வேறு ரகம். அவர் மேற்பொருந்தும் பகுதியின் ஓரத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிறார் என்று நினைக்கிறேன். தையல் கோடு அவர் மேலேயே போனதால் கால் இருந்த இடத்தில் அடுத்த ஃபிரேமின் தரை வந்துவிட்டது. இவரை Exclude செய்தால் வெளியே உள்ள பாதிக்கு மாற்றுப் படமே இல்லை, அங்கே கறுப்பு ஓட்டைதான் மிஞ்சும். அவரை அழிக்காமல் அந்த ஃபிரேமில் Include region போட்டு முழு ஆளாகவே விட்டுவிடுங்கள். எல்லாரையும் அழித்தே தீரவேண்டும் என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும்? பாலத்தில் ஒருவர் நடந்தால் என்ன குறை.

குட்டிநாய்: என் நாய்க்கு ஆறு கால் வந்திருக்கிறது. ஃபோனில் பனோரமா மோடில் எடுத்தது. நானும் இந்த மாஸ்க் போடலாமா?

பழைய லென்ஸ்: ஃபோன் ஒட்டி முடித்த ஒரே கோப்புதானே உங்களிடம் இருக்கும், தனி ஃபிரேம் இல்லையே. மாஸ்க் போட எதுவும் மிச்சமில்லை. கூடுதல் காலை ஹீல் டூலால் தேய்க்கலாம், இல்லையென்றால் நாய்க்கு ஆறு காலே இருக்கட்டும்.

மூன்றுகால்: நான் மாஸ்க்குக்கெல்லாம் போவதில்லை. ஃபிரேம்களைத் தனித்தனியாக வெளியே எடுத்து, ஜிம்ப்பில் லேயர்களாக வைத்து, லேயர் மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையால் தடவிவிடுவேன். தனியே எடுக்க இதுதான்:

```
nona -m TIFF_m -o frame bridge.pto
```

பழைய லென்ஸ்: அதுவும் நல்ல வழி, சிறு திருத்தங்களுக்குக் கை சுதந்திரம் அதிகம். ஆனால் வானத்தில் வெளிச்சம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறியிருந்தால் தூரிகை போன தடம் தெரியும். அந்த இடத்தில் ஹியூகினோடு வரும் என்பிளெண்ட் நன்றாகக் கலக்கும்.

தூறல்: செய்து பார்த்தேன். முதல் இருவரும் போய்விட்டார்கள், மூன்றாமவர் காலோடு வந்துவிட்டார். இப்போது அருகில் இருக்கும் கைப்பிடிச் சுவர் இரட்டையாகத் தெரிகிறது, தூரத்துக் கட்டடம் சரியாக இருக்கிறது. பாயின்ட்டைக் கூட்டினாலும் போகவில்லை.

பழைய லென்ஸ்: அது ஆள் நகர்ந்ததால் வந்ததல்ல, நீங்கள் நகர்ந்ததால் வந்தது. கேமராவை லென்ஸைச் சுற்றித் திருப்பாமல் உடம்பைச் சுற்றித் திருப்பியதால், பக்கத்துச் சுவர் தூரத்துக் கட்டடத்தோடு ஒப்பிட இடம் மாறிவிட்டது. எத்தனை பாயின்ட் போட்டாலும் இரண்டும் ஒன்றாகப் பொருந்தாது. சுவரில் தூண் இருந்தால், அதன் ஒரு பக்கம் ஒரு ஃபிரேமையும் மறுபக்கம் மற்றதையும் மாஸ்க் போட்டு விலக்கித் தையலைத் தூண் மேல் போக வையுங்கள். மூன்றில் இரண்டு முறை எனக்கு வேலை செய்திருக்கிறது.

தூறல்: தூண் இல்லை. வழவழப்பான சுவர்.

மூன்றுகால்: கீழே வெட்டிவிடுங்கள்.

தூறல்: வெட்டினால் ஆற்றில் தெரியும் நிழற்பிம்பமும் போய்விடுமே, அதற்காகத்தானே எடுத்ததே.