போஸ்டரில் ஸ்கேன் செய்ததும் மெசேஜோடு வாட்ஸ்அப் திறக்க வைத்தவர்கள், அனுபவத்தைப் பகிருங்கள்

ஏற்காடு காபித்தூள் கடை: ஏரிக்கரையிலும் ஐந்து ரோட்டிலும் போஸ்டர் ஒட்டப்போகிறோம். ஸ்கேன் செய்தால் "காபித்தூள் வேண்டும்" என்று தானாகவே எங்களுக்கு மெசேஜ் வந்துவிடுமா?

செவ்வாய்பேட்டை அச்சகம்: தானா வராதுங்க. மெசேஜ் டைப் ஆகி நிற்கும், அனுப்பும் பட்டனை வாடிக்கையாளர்தான் தட்டணும். அதனால போஸ்டரிலேயே "ஸ்கேன் செய்து, அனுப்புங்கள்" என்று போடுங்க. க்யூஆரில் போடுற லிங்க் இப்படி இருக்கணும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Kaapi%20thool%20venum%20L1
```

91-க்கு முன்னால + வேண்டாம், 0 வேண்டாம், நம்பருக்கு நடுவுல இடைவெளியும் வேண்டாம். மெசேஜில் இடைவெளி வர்ற இடமெல்லாம் `%20`. & போட்டா அதோடு மெசேஜ் அறுந்துபோகும், அதுக்கு `%26`.

காபித்தூள் கடை: தமிழில் போட முடியாதா? வர்றவங்க பாதிப் பேர் நம்ம ஊர்க்காரங்கதான்.

அச்சகம்: போடலாம், ஆனா கட்டம் நெருங்கிடும். தமிழில் ஒவ்வொரு குறியும் லிங்கில் `%E0%AE%95` மாதிரி 9 எழுத்தாகும். "காபித்தூள்" என்ற ஒரு சொல்லில் புள்ளி, கால், கொம்பெல்லாம் தனித்தனியா எண்ணினா 10 குறி, ஆக 90 எழுத்து. ரெண்டு வரி எழுதினா க்யூஆர் கட்டம் பொடிப்பொடியா ஆகி, ஃப்ளெக்ஸில் மை கசிஞ்சாலே கேமரா திணறும்.

ஆத்தூர் டிசைனர்: தமிழை மாற்றாம அப்படியே க்யூஆரில் போடுங்க அண்ணா, மூன்றில் ஒரு பங்குதான் ஆகும்.

அச்சகம்: அளவு குறையும், சரிதான். ஆனா சில ஸ்கேனரில் தமிழ் சிதைஞ்சு வரும். போஸ்டரில் ஒட்டினதுக்கு அப்புறம் அதைத் திருத்த முடியாது. வாட்ஸ்அப் பிசினஸில் குறுஞ்சுட்டி வசதி இருக்கு, `wa.me/message/` என்று ஆரம்பிக்கும். தமிழ் மெசேஜ் அந்த ஆப்பில் இருக்கும், லிங்க் சின்னதா நிற்கும். மெசேஜை அப்புறம் மாற்றினாலும் போஸ்டர் செல்லும். லிங்கை மட்டும் ரீசெட் செய்யாதீங்க, ஒட்டினதெல்லாம் செத்துடும்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறை: எங்களுக்கு அது ஒத்துவராதுங்க. எந்த போஸ்டரைப் பார்த்து வந்தாங்கன்னு தெரியணும். குறுஞ்சுட்டியில் எல்லா போஸ்டருக்கும் ஒரே மெசேஜ்தானே? `text=` லிங்கில் பஸ் ஸ்டாண்டுக்கு B1, கடைவீதிக்கு K1 என்று போட்டா, மெசேஜ் கடைசியிலேயே இடம் தெரிஞ்சிடும்.

அச்சகம்: அதுக்குத்தான் மேலே L1 போட்டேன், ஏரிக்கரைக்கு. ஆங்கில எழுத்தில் சுருக்கமா வெச்சா ரெண்டும் கிடைக்கும்.

காபித்தூள் கடை: க்யூஆர் எவ்வளவு பெருசு?

அச்சகம்: நிற்கிற தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. 5 அடியில் நின்னு எடுப்பாங்கன்னா 6 அங்குலம். சுத்தி வெள்ளை ஓரம் விடணும், டிசைன் அதில் ஏறக்கூடாது. அச்சுக்கு முன்னால ஒரு ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன், ரெண்டிலும் எடுத்துப் பாருங்க.

டிசைனர்: மலையில் சிக்னல் இல்லாத வளைவில் ஒட்டினா?

அச்சகம்: அங்கே நம்பரையும் பெரிய எழுத்தில் போடுங்க.