புதுப்பிப்பு: தாலி கட்டும் காட்சியில் விலகிப்போன கைப்பேசி வீடியோ

என் கேள்வி: "சுங்கை சிப்புட்ல தங்கச்சி கல்யாணம், மூனு கேமரா. தொடக்கத்துல ஒத்துப்போகுது, தாலி கட்டும்போது கைப்பேசி காட்சி விலகுது. ஏன்?"

எல்லாருக்கும் நன்றி. ஈப்போ அண்ணன் சொன்னதே சரி: கைப்பேசி சீரான வேகத்தில் ஃபிரேம் பதியவில்லை. மற்ற கேமராக்களைப் போல நொடிக்கு 25 ஃபிரேமுக்கு மாற்றியதும் விலகல் நின்றது.

```
ffmpeg -i phone.mp4 -vf fps=25 -crf 18 -c:a copy out.mp4
```

மேளச் சத்தத்தை வைத்து ஒட்டச் சொன்ன அக்கா பாதி சரி. மேடைக்கு 30 மீட்டர் தள்ளி, மண்டபக் கடைசியில் நின்ற கேமராவுக்குச் சத்தமே தாமதமாகத்தான் போகிறது. அதை வைத்து ஒட்டியதும் படம் இரண்டு ஃபிரேம் பிசகியது. புகைப்படக்காரரின் ஃபிளாஷ் மின்னிய ஃபிரேமைப் பார்த்து நகர்த்தினேன்.

கெட்டிமேளத்தை மேடைக் கேமராவிலிருந்தே வெட்டாமல் ஓடவிட்டு, படத்தை மட்டும் மாற்றினேன். அம்மா அழுத முகம் அந்தக் கைப்பேசியில்தான் இருந்தது!

ட்ரோன் வாங்கச் சொன்ன தம்பி, மண்டபத்துக்குள்ளயா? நிறம் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை.