நம்ம குடும்பம் 🏠: செந்திலுக்கு வந்த மெயில்

மீனா அண்ணி: கார்த்தி, அவருக்கு கிரீன் கார்டு கேஸ்ல மெயில் வந்திருக்கு. கேஸ்ல ஏதோ நடவடிக்கை எடுத்திருக்கோம்னு மட்டும்தான் இருக்கு. என்னன்னே சொல்லல.

கார்த்தி: அது அப்படித்தான் அண்ணி வரும், விவரம் மெயில்ல இருக்காது. அதுல இருக்கிற லிங்கைத் தொடாதீங்க. நீங்களே egov.uscis.gov போய் IOE-ல தொடங்குற ரசீது எண்ணைப் போடுங்க. அந்த மூணு எழுத்துக்கு அப்புறம் பத்து இலக்கம், நடுவுல கோடு வேண்டாம்.

ரேவதி: அண்ணா, சென்னை கான்சுலேட்ல ஸ்டாம்பிங் ஸ்லாட் எப்ப திறக்கும்? எனக்கு ரெண்டு மாசமா காலியே காட்டல 😩

கார்த்தி: அது வேற சைட், வேற கணக்கு ரேவதி. அண்ணனோட கேஸ் அமெரிக்காவுக்குள்ளயே நடக்கிறது. உன்னோடதை அப்புறம் பாப்போம்.

மீனா அண்ணி: கைரேகைக்கு நோட்டீஸ் அனுப்பியாச்சுன்னு காட்டுது. ஆனா வீட்டுக்கு எதுவும் வரலியே. போன மாசம்தானே எடிசன்ல பழைய வீட்டை காலி பண்ணோம்.

பெரியப்பா: போஸ்ட் ஆபீஸ்ல அட்ரஸ் மாத்தச் சொன்னா தானா புது வீட்டுக்கு வந்துடும்மா.

கார்த்தி: மத்த தபால் வரும் பெரியப்பா. ஆனா அமெரிக்க குடியேற்றத் துறை USCIS அனுப்புற நோட்டீஸ் வரும்னு நம்பி இருக்க முடியாது, திரும்பிப் போயிடலாம். வீடு மாறின 10 நாளுக்குள்ள USCIS-க்கு தனியா சொல்லணும். அதுக்குத்தான் AR-11 படிவம். ஆன்லைன் கணக்குலயே போடலாம். இப்ப அண்ணன் கணக்குல Documents பகுதியைப் பாருங்க. இல்லன்னா வக்கீலைக் கேளுங்க, அவருக்கும் ஒரு பிரதி போகும்.

மீனா அண்ணி: PDF இருக்கு! 18 வியாழன் காலை 9 மணி. ஆனா அவர் அன்னிக்கு ஆபீஸ் வேலையா சான் ஹோசேல இருப்பார்.

பெரியப்பா: அந்த மெயிலுக்கே பதில் போட்டு தேதியை மாத்தச் சொல்லு. போகாம விட்டா கேஸையே மூடிடுவான்.

கார்த்தி: ரெண்டாவது சொன்னது சரி பெரியப்பா. சொல்லாம விட்டா கைவிட்டதா எடுத்துக்கிட்டு நிராகரிக்கலாம். ஆனா மெயிலுக்குப் பதில் போட்டா யாரும் படிக்க மாட்டாங்க. கணக்குக்குள்ளயே மாத்தணும், அதுவும் நேரத்துக்கு 12 மணி நேரம் முன்னாடி. அப்ப புதன் ராத்திரி 9 வரைதான். தாண்டினா போன்ல கெஞ்சணும். காரணமும் கேட்பாங்க. முன்னாடியே போட்ட பயணம், நோட்டீஸ் லேட்டா கிடைச்சது, ரெண்டுமே செல்லும். ஏற்கெனவே ரெண்டு தடவை மாத்தியிருந்தா ஆன்லைன்ல விடாது.

மீனா அண்ணி: முன்னாடி நாளே நேரா போய் நின்னா?

கார்த்தி: சில சென்டர்ல எடுத்துக்கிறாங்க, சில இடத்துல வாசல்லயே திருப்பி அனுப்புறாங்க. நம்பி லீவு போட வேண்டாம். எந்த தேதி ஆனாலும் அந்த நோட்டீஸ் பிரிண்டும் பாஸ்போர்ட்டும் கையில இருக்கணும்.

ரேவதி: அண்ணா என் ஸ்லாட்...

கார்த்தி: ராத்திரி கூப்பிடு. அண்ணி, உங்க ரசீது எண் வேற. அதைப் போட்டுப் பாத்தீங்களா? உங்களுக்கும் தனியா நோட்டீஸ் வந்திருக்கும், அண்ணனோடதை மாத்தினா உங்களோடது மாறாது.

மீனா அண்ணி: ஐயோ, பாக்கல. இரு...